போலி சார்ஜிங் கேபிளைக் கண்டுபிடிப்பது எப்படி?

"கிளிநொச்சியில வாங்கின கேபிள்ல '3 ஆம்பியர்' எண்டு போட்டிருக்கு, ஆனா போன் ஏறவே மாட்டுது. போலியா?"

போலியாகவோ தரம் குறைந்ததாகவோ இருக்கலாம். தரம் குறைந்த கேபிள் என்றால், உள்ளே செம்பு போதாத கேபிள். செம்பை மெலிதாக்குவார்கள், அல்லது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசுவார்கள். தோட்டத்துப் பம்பில் ஒல்லிக் குழாய் பூட்டினால் தண்ணீர் சொட்டுவது போலத்தான். மெல்லிய வயர் ஒரு மீற்றருக்குப் போக வர 0.4 ஓம் தடை தரும். 2 ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட் 4.2 ஆனதும் போன் தானாகவே மின்னோட்டத்தைக் குறைக்கும்.

அதே நீளமுள்ள நல்ல கேபிளைக் கையில் வைத்துப் பாருங்கள், போலி பெரும்பாலும் இலேசாக இருக்கும். முனையின் உலோகக் கூட்டில் பிசிறு, ஆட்டம், எழுத்துப்பிழையுள்ள லேபிள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. அச்சடித்த ஆம்பியரை மட்டும் நம்பாதீர்கள், அதை யாரும் அச்சடிக்கலாம்.

உறுதிப்படுத்த, ஓடும் ஆம்பியரைக் காட்டும் யூஎஸ்பி மீற்றரை சார்ஜரில் செருகி, அதில் இரண்டு கேபிளையும் மாற்றி மாற்றிப் பூட்டி, அதே போனில் பாருங்கள். பற்றரி 30 சதவீதமளவில் இருக்கட்டும். நிரம்பும் நேரத்தில் எந்தக் கேபிளிலும் ஆம்பியர் குறையும். நல்ல கேபிள் 1.8 ஆம்பியர், மற்றது 0.7 காட்டினால் பிழை அந்தக் கேபிளில்தான்.

தடித்த கேபிள் நல்லது என்பார்கள். ஆனால் தடிப்பு வெறும் வெளி உறையாகவும் இருக்கலாம்.