வெளிக் குழாயில் தேங்கிய நீர் 0°C-ஐ எட்ட எவ்வளவு நேரம்?

கேள்வி: இரவில் வெளியே −10°C. மூடிய 15 மிமீ செப்புக் குழாயில் 10°C நீர் நிற்கிறது. எப்போது 0°C ஆகும்?

காற்று அசையாவிட்டால் சுமார் 18 நிமிடம்.

`t = (C/(hA)) × ln((T₀−Tₐ)/(0−Tₐ))`

T₀ நீரின் தொடக்க வெப்பநிலை, Tₐ வெளிக்காற்றின் வெப்பநிலை. ஒரு மீட்டர் குழாயை எடுத்துக்கொள்வோம். நீரும் செம்பும் சேர்ந்த வெப்பக் கொள்ளளவு C ஏறத்தாழ 716 J/K. பரப்பிலிருந்து காற்றுக்கு வெப்பம் போகும் வேகத்தைக் குறிக்கும் h அசையாக் காற்றில் சுமார் 10 W/m²K, வெளிப்பரப்பு A 0.047 m², ஆகவே hA 0.47 W/K. C-ஐ hA-ஆல் வகுத்தால் 1,520 விநாடி. நீருக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு 20 டிகிரியிலிருந்து 10 டிகிரியாகப் பாதியாவதால், அதை ln 2-ஆல் பெருக்கினால் விடை. காற்று பலமாக வீசி h மூன்று மடங்கானால் ஆறே நிமிடம்தான். 13 மிமீ நுரை உறை போட்டாலும் முக்கால் மணி நேரமே கிடைக்கும். உறை தாமதப்படுத்தும், தடுக்காது.

ஆனால் 0°C-ஐ எட்டுவது வேறு, உறைவது வேறு. நீர் பெரும்பாலும் 0°C-க்குக் கீழே சில டிகிரி வரை திரவமாகவே இறங்கி, பிறகு திடீரென ஊசி ஊசியாகப் பனிக்கட்டி பிடிக்கும். முழுதும் கெட்டியாக மேலும் மூன்று மணி நேரம் போல ஆகும். குழாய் வெடிப்பதோ, பனி அடைப்புக்கும் மூடிய வால்வுக்கும் இடையே சிக்கிய நீரின் அழுத்தத்தால். எனவே இருட்டுமுன் நீரை வடித்துவிடுங்கள்.