கூற்றில் வந்த கொழும்புப் பெயர்

“சனிக்கிழமை உப்புவெளியில் சாப்பிட்டதற்கு மட்டுமே அட்டையைக் கொடுத்தேன். வங்கிக் கூற்றில் திங்கட்கிழமை திகதியுடன் தெரியாத கொழும்பு நிறுவனமொன்று 6,450 ரூபாய் எடுத்ததாக இருக்கிறது. யார் இவர்கள்?”

பெரும்பாலும் அந்த உணவகமேதான். கூற்றில் அச்சாவது பெயர்ப்பலகையிலுள்ள பெயரன்று. அட்டை இயந்திரத்தைப் பெறும்போது உரிமையாளர் வங்கியில் பதிந்த பெயரும் ஊருமே ஆகும். திங்கட்கிழமை என்பது வங்கி கணக்கில் பதிந்த நாளாக இருக்கலாம்.

இயந்திரம் தந்த சிறு பற்றுச்சீட்டைத் தேடுங்கள். அதன் தலைப்பில் பெரும்பாலும் அதே பெயர் இருக்கும். தொகை சதம்வரை பொருந்துகிறதா என்றும் பாருங்கள். சீட்டு தொலைந்திருந்தால், உணவகத்தில் கேளுங்கள். அவர்களுடைய பிரதியிலுள்ள அனுமதிக் குறியீட்டை உங்கள் வங்கியிடம் சொன்னால் ஒப்பிட்டு உறுதிப்படுத்துவார்கள்.

தொகை மாறினாலோ, உணவகத் தொகை தனி வரியாகவும் வந்திருந்தாலோ, இந்த விளக்கம் பொருந்தாது. உடனே அட்டையை முடக்கச் சொல்லி, எழுத்தில் முறையிடுங்கள்.