விற்காத போர்வை யாருடைய சரக்கு?

வணக்கம் வக்கீல் சார். சென்னிமலையில் தறி வைத்திருக்கிறேன். என் மனைவியின் சித்தப்பா மகன் மதுரையில் ஏஜென்சி நடத்துகிறார். 2024 ஏப்ரலில் இருந்து ஒரு வருஷத்தில் 4,000 போர்வை, ஒன்று 350 ரூபாய் என்று ஜிஎஸ்டி பில் போட்டு அவருக்கு அனுப்பினேன். விற்றதற்கு 8 சதம் கமிஷன், மார்ச் 31-ல் கணக்கு முடிப்பது, விற்காதது திரும்ப என்று ஒரு கடிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். 2,600 விற்றதாகச் சொல்கிறார், தந்தது 6 லட்சம். மே மாதம் மீதியை எடுத்துப் போகச் சொல்லி வாட்ஸ்அப் அனுப்பினார், நான் போகவில்லை. இப்போது அனுப்பிய மொத்தச் சரக்குக்கும் கமிஷன், ஒரு வருஷ குடோன் வாடகை 60,000 கொடுத்தால்தான் சரக்கு வெளியே வரும் என்கிறார். அவர் கல்யாணத்துக்கு முன்னால் நின்று எல்லாம் செய்தவன் நான். போன நோம்பிக்கு வீட்டுக்கு வந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பில் போட்டாயிற்று, தேதியும் தாண்டிவிட்டது, அதனால் பாக்கி 8 லட்சமும் அவர் தரவேண்டியதுதானே? எம்எஸ்எம்இ-யில் போடு என்கிறார் ஆடிட்டர், போலீசுக்குப் போ என்கிறார் நண்பர்.

*

கல்யாணத்துக்கு முன்னால் நின்றதும் நோம்பிக்கு வந்தவர் முகம் பார்க்காததும் உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரிகிறது. ஆனால் அவற்றை நோட்டீசில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். உங்கள் விஷயத்தில் சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அந்த 4,000 போர்வையை நீங்கள் அவருக்கு விற்றீர்களா, விற்றுத் தரச்சொல்லி அனுப்பினீர்களா?

உங்கள் கடிதம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. விற்றதற்குக் கமிஷன், விற்காதது திரும்ப, வருஷ முடிவில் கணக்கு. இது ஏஜென்சி. ஜிஎஸ்டி பில் போட்டதால் இது விற்பனையாகிவிடாது. ஏஜென்ட் தன் பெயரில் கடைக்குப் பில் போட்டு விற்பவராக இருந்தால், அவருக்குச் சரக்கு அனுப்புவதையே ஜிஎஸ்டி சட்டம் வரிக்காக சப்ளையாகக் கருதுகிறது. அதனால் பில் போட்டே ஆகவேண்டும். அது வரிக்காகப் போட்ட பில். சரக்கின் உரிமை கைமாறியதற்கு அது மட்டும் சாட்சி ஆகாது.

தேதி தாண்டிவிட்டது என்ற வாதமும் நிற்காது. சரக்கு விற்பனைச் சட்டம் 24-வது பிரிவில் ஒரு விதி இருக்கிறது. பிடித்தால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் திருப்பு என்று கொடுத்த சரக்கைக் கெடுவுக்குள் திருப்பாமல் வைத்திருந்தால், அது வாங்கியவர் சரக்காகிவிடும். கேள்விப்பட்ட யாரோ உங்களுக்கு இதைச் சொல்லியிருக்கலாம். அந்த விதி, தனக்காக வாங்கித் தன் லாபத்துக்கு விற்பவருக்கு உரியது. கமிஷனுக்கு விற்பவரிடம் எத்தனை மாதம் கிடந்தாலும் சரக்கு உங்களுடையதுதான். அதனால் மீதி 1,400 போர்வையின் 4,90,000 ரூபாயை நீங்கள் பணமாகக் கேட்க முடியாது, போர்வையாகத்தான் கேட்க முடியும்.

அப்படியானால் பணமாக வரவேண்டியது எவ்வளவு? வரியைத் தனியே வைத்துவிட்டுப் பார்ப்போம். விற்ற 2,600-க்கு 9,10,000. அதில் 8 சதம் கமிஷன் 72,800. வந்தது 6,00,000. மீதி 2,37,200. 8 லட்சம் என்ற எண்ணை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அவர் கேட்பதிலும் பாதிக்குமேல் நிற்காது. விற்காத சரக்குக்குக் கமிஷன் கிடையாது, கடிதமே அப்படித்தான் சொல்கிறது. கமிஷன் பாக்கிக்காகச் சரக்கைப் பிடித்துவைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டம் 221-வது பிரிவில் ஏஜென்டுக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் விற்ற பணத்திலிருந்து கமிஷனை எடுத்துக்கொள்ளும் உரிமையும் அதே சட்டத்தில் அவருக்கு இருக்கிறது. எல்லாச் சரக்கும் விற்றுமுடியாவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று 219-வது பிரிவு சொல்கிறது. உங்கள் பணம் 3,10,000 அவர் கையில் இருக்கும்போது 72,800 கமிஷன் பாக்கி என்று சொல்லிப் போர்வையைப் பிடித்துவைக்க முடியாது. கமிஷன் ஏற்கெனவே அவர் கையில்தான் இருக்கிறது.

வாடகையில் மட்டும் உங்கள் பக்கம் ஓட்டை இருக்கிறது. வருஷத்துக்குள் குடோன் வாடகை என்று கடிதத்தில் பேச்சே இல்லை, அதனால் அது அவர் செலவு. ஆனால் மே மாதம் எடுத்துப் போகச் சொன்ன பிறகும் நீங்கள் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் இடத்தில் உங்கள் சரக்கு சும்மா கிடக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதத்துக்கு, மாதம் 5,000 வீதம் 25,000 கேட்டால் எந்த நீதிபதியும் அதை அநியாயம் என்று சொல்லமாட்டார்.

இனி நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆடிட்டர் சொல்லும் எம்எஸ்எம்இ மனு, அதாவது சிறுதொழில்காரர்கள் பாக்கி வசூலிக்கப் போடும் மனு, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். 45 நாளுக்குமேல் போன பாக்கிக்கு வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்றால் யாருக்குத்தான் கை நீளாது? ஆனால் அந்த மனுவில் நீங்கள் சரக்கு கொடுத்தவர், அவர் வாங்கியவர் என்று எழுதவேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்ட நிமிஷத்தில், போர்வையை விற்றுவிட்டேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிறது. அவர் கமிஷன் கடிதத்தை எடுத்து நீட்டுவார், இவர் வாங்கியவரே இல்லை என்று மனு தள்ளுபடியாகலாம். அப்புறம் சரக்கைத் திருப்பிக்கொடு என்று சிவில் கோர்ட்டுக்குப் போனால், விற்றதாகச் சொன்ன உங்கள் மனுவையே அங்கே உங்களுக்கு எதிராகக் காட்டுவார். பணமும் வராது, சரக்கும் வராது, இரண்டு வருஷம் போயிருக்கும்.

போலீஸ் புகாரிலும் இதே வம்புதான். நம்பி ஒப்படைத்த சரக்கை ஏமாற்றினார் என்பது நம்பிக்கை மோசடி. விற்ற சரக்குக்கு விலை வரவில்லை என்பது அந்தக் குற்றமே ஆகாது. விற்பனையில் ஒப்படைப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு கையில் எம்எஸ்எம்இ மனு, மறு கையில் மோசடிப் புகார் என்று போனால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். தவிர, போர்வை குடோனில் அப்படியே இருக்கிறது, எண்ணிக்கையும் அவரே சொல்கிறார். இதில் மோசடி எங்கே இருக்கிறது? இது கணக்குத் தகராறு.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றை நீங்கள் நினைத்தே பார்த்திருக்கமாட்டீர்கள். பவானியிலிருந்து ஜமக்காளம் அனுப்பிய ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய ஏஜென்ட் குடோனில் இருந்த சரக்கை எல்லாம் ஈடாகக் காட்டி வங்கியில் கடன் வாங்கியிருந்தார். கடன் வாராக்கடனானதும் வங்கி குடோனைப் பூட்டிச் சீல் வைத்தது. உள்ளே கிடந்தது இவர் ஜமக்காளம். தன் சரக்கு என்று இவர் போய் நின்றபோது வங்கி வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் சரக்கு என்றால், மார்ச் 31 இருப்புக் கணக்கில் அது ஏன் இல்லை? இவருடைய கணக்குப்பிள்ளை, பில் போட்ட அன்றே எல்லாவற்றையும் விற்பனையில் ஏற்றி, ஏஜென்டைப் பாக்கிதாரர் பட்டியலில் சேர்த்திருந்தார். கமிஷனுக்கு டிடிஎஸ் பிடிக்கவும் இல்லை. கமிஷன் என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லாமல் போயிற்று. கடைசியில் சரக்கு வெளியே வந்தபோது கீழ் அடுக்கு முழுக்க ஈரம் ஏறிக் கறை பிடித்திருந்தது. அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் புத்தகத்தை இன்றே திறந்து பாருங்கள். 2025 மார்ச் 31 இருப்பில், மதுரை ஏஜென்ட் வசம் உள்ள போர்வை 1,400 என்று இருக்கிறதா? இருக்கவேண்டியது அடக்க விலையில், 350 ரூபாயில் அல்ல. அவர் கமிஷனுக்கு 1961 வருமான வரிச் சட்டம் 194எச் பிரிவில் டிடிஎஸ் பிடித்திருக்கிறீர்களா? பிடித்திருந்தால், அவர் உங்கள் ஏஜென்ட் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம், அவருடைய வரிக் கணக்கிலேயே அது ஏறியிருக்கும். இரண்டும் இல்லை என்றால் ஆடிட்டரிடம் எம்எஸ்எம்இ பேச்சை நிறுத்திவிட்டு முதலில் இதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். 1,400 போர்வையை விற்பனையில் காட்டி, இல்லாத லாபத்துக்கு வரியும் கட்டப்போகிறீர்கள்.

வழக்குப் போடலாமா என்றால், போடலாம். கணக்குக் கேட்டு நோட்டீஸ் விட்டு, அவர் மறுத்தால் மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது. 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கு என்பதால் முதலில் சமரச மையத்துக்குப் போகச் சொல்வார்கள். ஆனால் 2,37,200 ரூபாய்க்கும் 1,400 போர்வைக்கும் ஆகும் செலவையும் காலத்தையும் கணக்குப் போட்டால், வழக்கு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். நீங்கள் ஜெயிக்கும் நாளில் அந்தப் போர்வை மடிப்பில் நிறம் மங்கி, பாதி விலைக்குக்கூடப் போகாது.

முடித்துக்கொள்ளுங்கள். பொதுவான உறவினர் ஒருவரை வைத்துக்கொண்டு மதுரைக்கு நேரில் போங்கள். பணப் பேச்சுக்கு முன்னால் குடோனுக்குள் போய் கட்டுக் கட்டாக எண்ணுங்கள். பாதி நேரம் தகராறு எண்ணிக்கையில்தான் இருக்கும். 1,400 இருக்கிறதா, எத்தனை நல்லது, எத்தனை அழுக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இந்தச் சரக்கு சென்னிமலைக்காரருடையது, விற்பதற்காக வைத்திருக்கிறேன் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். பணமே வராமல் போனாலும் அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றும். 2,600-க்கு மேல் விற்றுவிட்டுக் குறைத்துச் சொல்லியிருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் 2,37,200-ல் ஐந்து மாத வாடகை 25,000 கழித்து 2,12,200-க்குக் கேளுங்கள். சரக்கைக் கொண்டுவரும் லாரி வாடகை உங்களுடையது. கடைகளில் வரவேண்டிய பாக்கி இருக்கிறது என்பார். எந்தக் கடை, எவ்வளவு என்று பட்டியல் வாங்கி, அதற்கு மட்டும் இரண்டு மாதத் தவணை கொடுக்கலாம். தீபாவளி வரை நானே விற்றுத் தருகிறேன் என்றால் 300, 400 போர்வையை மட்டும் அவரிடம் விட்டு, அதற்குப் புதிதாகத் தேதி போட்டுக் கடிதம் வாங்குங்கள். மற்றதை ஏற்றிவிடுங்கள்.

ஏற்றும் தேதியும் முக்கியம். அந்தப் பில்கள் 2024-25-ம் ஆண்டுக்கானவை. திரும்பும் சரக்குக்குக் கிரெடிட் நோட் போட்டு, கட்டிய வரியைக் குறைத்துக்கொள்ள 2025 நவம்பர் 30 வரைதான் வழி. அந்தத் தேதி போய்விட்டால் அவர் உங்களுக்கு விற்றதுபோல் அவரே பில் போட்டு அனுப்பவேண்டியிருக்கும். உங்கள் போர்வை அவருடையது என்று சொல்லும் காகிதம் இன்னொன்று அவர் கையாலேயே உருவாகும். அதற்கு இடம் கொடுக்காமல் அக்டோபருக்குள் லாரியை அனுப்பிவிடுங்கள்.