அளவுப் புத்தகத்தில் பொய்க் கணக்கு: கையெழுத்துக்கு முன்பும் பின்பும்

கேள்வி: சென்னையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஜே.இ.யாக, அதாவது இளநிலைப் பொறியாளராக இருக்கிறேன். ஊழியர் குடியிருப்பு மொட்டை மாடியில் 260 சதுர மீட்டர்தான் தட்டோடு பதித்திருக்கிறார்கள். முடிந்த வேலையை அளந்து எழுதும் எம்.பி. என்ற அளவுப் புத்தகத்தில் 420 என்று எழுதிக் கையெழுத்துப் போடு, மிச்சத்தை அடுத்த மாதம் முடித்துவிடுவார்கள், உனக்கும் ஒரு பங்கு வரும் என்கிறார் என் மேலதிகாரி. புகார் கொடுத்தால் என்னை வேலை செய்ய விடுவார்களா? எப்படிக் கொடுப்பது?
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: புகாரைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முதலில் அந்தக் கையெழுத்து. அளவெடுத்து எழுதியவர் நீங்கள் என்பதால் நாளை விசாரணை வந்தால் முதல் ஆளாக நிற்கப்போவதும் நீங்கள்தான். ‘மேலே சொன்னார்கள்’ என்பது அங்கே எடுபடாது. ஆகவே மாடியில் இருக்கிற 260-ஐ மட்டும் எழுதித் தேதியுடன் கையெழுத்துப் போடுங்கள். எண்ணை அழித்தோ மேலெழுதியோ திருத்தாதீர்கள். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, தேதியோடு சுருக்கொப்பம் இடுவதுதான் முறை. பக்கங்களுக்கு எண் அச்சிட்டிருப்பதால் தாளைக் கிழித்தால் உடனே தெரிந்துவிடும்.

மேலதிகாரி மறுபடி வற்புறுத்தினால் சண்டை போடாமல் ஒரு குறிப்பு அனுப்புங்கள். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964-இன் 3-ஆம் விதி உங்களுக்குத் துணை இருக்கிறது. வாய்மொழியாக உத்தரவு பெற்றவர் அதை எழுத்தில் உறுதிசெய்யக் கேட்க வேண்டும், கேட்டால் உறுதிசெய்வது மேலதிகாரியின் கடமை என்கிறது அது. குறிப்பில் லஞ்சம், மோசடி என்ற சொற்களே வேண்டாம். “இன்று அளவெடுத்தபோது முடிந்த பரப்பு 260 சதுர மீட்டர். 420 எனப் பதியும்படி வாய்மொழியாகச் சொன்னீர்கள். எழுத்துப்பூர்வமான அறிவுறுத்தலை எதிர்பார்க்கிறேன்” என்று மூன்று வரி போதும். இ-ஆபீஸிலோ அலுவலக மின்னஞ்சலிலோ அனுப்பினால் தேதி தானாகப் பதிவாகும். பெரும்பாலும் பதில் வராது. வராததும் உங்களுக்குச் சாதகம்தான்.

இனி புகார். மத்திய அரசு ஊழியர் என்பதால் உங்களுக்கு ஒரு தனி வழி உண்டு. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். அந்தக் கடிதம் அவர் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு 2004-இல் வந்ததுதான் பொதுநல வெளிப்படுத்துவோர் பாதுகாப்புத் தீர்மானம், சுருக்கமாகப் பி.ஐ.டி.பி.ஐ. (2014-இல் இதற்கென்று தனிச் சட்டமே இயற்றினார்கள். ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் விட்டதால் தீர்மானத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.)

இதன்படி மத்திய விஜிலன்ஸ் ஆணையத்தின் செயலாளருக்குத் தபாலில் எழுத வேண்டும். உறையை ஒட்டி, மேலே “Complaint under The Public Interest Disclosure” என்று எழுதுங்கள். உறையின் வெளிப்புறத்தில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கக் கூடாது. உள்ளே இரண்டு தாள்கள் வையுங்கள். ஒன்றில் உங்கள் பெயரும் முகவரியும், இன்னொன்றில் புகார் மட்டும். விசாரணைக்குப் போவது புகார்த் தாள்தான். மொட்டைக் கடிதமாக அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

பல பேர் மாட்டிக்கொள்வது இரண்டாவது தாளில் எழுதும் விஷயத்தால்தான். பெயரை மறைத்துவிட்டு, “என்னை அறைக்கு அழைத்து 420 எழுதச் சொன்னார்” என்று எழுதினால் எழுதியது யாரென்று அலுவலகமே சொல்லிவிடும். உங்கள் விஷயத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். மூன்று வரிக் குறிப்பு அனுப்பியவர் நீங்கள் என்பதால் சந்தேகம் எப்படியும் உங்கள் பக்கம் வரும். எனவே குறிப்பில் இருந்த சொற்களைப் புகாரில் திரும்ப எழுதாதீர்கள். காண்ட்ராக்டரின் ஆட்கள், குடியிருப்பில் இருப்பவர்கள், பில் பார்க்கும் கிளார்க் என நாலு பேருக்குத் தெரிந்த விவரத்தை மட்டும் சொல்லுங்கள். எந்தப் பிளாக், ஒப்பந்த எண், எம்.பி. எண், பக்கம், பில் தேதி, மாடியில் எந்தப் பக்கம் தட்டோடு இல்லை என்பது போதும். அதே காண்ட்ராக்டர் செய்த வேறு இரண்டு மூன்று வேலைகளிலும் குறை இருப்பது உறுதியாகத் தெரிந்தால் அவற்றையும் சேருங்கள். ஒரே வேலையைச் சுட்டினால் ஒரே ஆளைத்தான் தேடுவார்கள்.

எம்.பி.யையோ கோப்பையோ வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், பக்கங்களின் நகலையும் வெளியே கொண்டுபோகாதீர்கள். அனுமதியின்றி ஆவணம் வெளியே போனது என்று உங்கள்மீதே நடவடிக்கை எடுக்க அது வழியாகும். எண்களைக் குறித்துக்கொண்டால் போதும், ஆவணத்தை வரவழைக்கும் அதிகாரம் விசாரிப்பவருக்கு உண்டு. அந்தப் பக்கத்துக்காக உங்கள் பெயரில் தகவல் உரிமை மனு போடுவதும் வேண்டாம், அது ஊருக்கே அறிவித்தது மாதிரி. மாடியை மட்டும் படம் எடுத்து வையுங்கள். மழைக்கு முன் மிச்சத்தைப் பூசி மூடிவிட்டால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. பேச்சைப் பதிவு செய்திருந்தால் அந்த ஃபோனையே பத்திரப்படுத்துங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றுக்கு மூலக் கருவி தேவைப்படும்.

கடிதம் கிடைத்ததும் ஆணையம் உங்களுக்கு எழுதும். புகார் உங்களுடையதுதானா, இதே புகாரை வேறு யாருக்காவது அனுப்பினீர்களா என்று கேட்கும். 30 நாளுக்குள் பதில் போடாவிட்டால் நினைவூட்டல் வரும், அதற்கும் பதில் இல்லை என்றால் அது சாதாரணப் புகாராகிவிடும். ஆகவே வீட்டு முகவரியைக் கொடுங்கள், தபால்காரர் தவறாமல் வரும் முகவரியாக இருக்கட்டும். அமைச்சருக்கும் பத்திரிகைக்கும் ‘காப்பி’ அனுப்பும் நம் பழக்கத்தை இந்த ஒரு முறை விட்டுவிடுங்கள், பாதுகாப்பே போய்விடும்.

‘பங்கு’ என்று எதையாவது மேஜையில் வைத்தால் தொடாதீர்கள். காண்ட்ராக்டரிடம் உங்கள் மேலதிகாரிகளே பணம் கேட்டு, அந்தக் காண்ட்ராக்டரும் முன்வந்தால் சி.பி.ஐ.யின் ஊழல் தடுப்புப் பிரிவு பொறி வைத்துப் பிடிக்கும். கையும் களவுமாகப் பிடிப்பதற்கு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு கேட்கும் முன் அனுமதி வேண்டாம். மாநில அரசு ஊழியர்களுக்கு மேலே சொன்ன உறை வழி இல்லை. அவர்கள் போக வேண்டிய இடம் ஆலந்தூரில் இருக்கும் லஞ்ச ஒழிப்பு விஜிலன்ஸ் இயக்ககம்.

பழிவாங்கல் பெரும்பாலும் ஏ.பி.ஏ.ஆர். எனும் ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கையின் மதிப்பெண்ணிலும் இடமாற்றத்திலும்தான் வரும். மதிப்பெண் திடீரென்று குறைந்தால், அறிக்கை கையில் கிடைத்த 15 நாளுக்குள் மறுப்பு மனு கொடுத்தாக வேண்டும். முந்தைய ஆண்டு அறிக்கைகளின் நகல்களை இப்போதே எடுத்து வையுங்கள், அவை உங்களுக்கு உரியவை. புகாரால்தான் துன்புறுத்தல் என்று காட்ட முடிந்தால் ஆணையத்துக்கே எழுதலாம், துறைக்குத் தக்க உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் நிர்வாகக் காரணம் என்று போட்ட இடமாற்றத்தை எளிதில் நிறுத்த முடியாது. உத்தரவு வந்தால் சேர்ந்துவிட்டு மனு போடுங்கள், அதற்கும் நியாயம் கிடைக்காவிட்டால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். சேராமல் இருந்தால் அதுவே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். பொறுப்பை ஒப்படைக்கும்போது உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு எம்.பி.யின் எண்ணையும், கடைசியாக எழுதிய பக்கத்தையும், அதன் கடைசி வரியையும் பட்டியலில் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் போன பிறகு உங்கள் பெயரில் ஒரு 420 புதிதாக முளைத்தால் அந்தப் பட்டியலைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.