புள்ளி தப்பிய பக்கமே நல்ல பக்கம்: எழுத்துணரி கேள்வி-பதில்

எங்கள் கோயிலின் பழைய கும்பாபிஷேக மலரை இரண்டு பேர் ஸ்கான் செய்திருக்கிறார்கள். ஒன்று பளிச்சென்ற கறுப்பு வெள்ளை, மற்றது மஞ்சள் படிந்த வண்ணப் படம். படத்தில் உள்ள அச்சைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் எழுத்துணரிக்கு எதைக் கொடுக்கலாம்? (நல்லூர்)

பெரும்பாலும் மஞ்சள் படிந்ததைத்தான். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதற்காகப் பின்னணியை வெளுக்கும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. சிறிய அச்சில் அந்தப் புள்ளி மூன்றில் ஒரு மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 படப்புள்ளி என்று ஸ்கான் செய்தால், அது நாலு படப்புள்ளி அகலம், 150இல் இரண்டே இரண்டு. தூசு நீக்கும் வசதியை இயக்கினால் அதையும் தூசென்று துடைத்துவிடும்.

இரண்டு படங்களிலும் ஒரே பத்தியைப் பெரிதாக்கி, ‘க்’, ‘ப்’, ‘ழ்’ வரும் இடங்களைப் பாருங்கள். புள்ளி தனியாக நிற்கிறதா, மை பரவி எழுத்தோடு ஒட்டிவிட்டதா, இல்லவே இல்லையா? அடுத்ததாக ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். அதன்பின் அந்தப் பத்தியை மட்டும் வெட்டி இரண்டையும் டெசரக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம்:

```
tesseract a.png a -l tam --psm 6
tesseract b.png b -l tam --psm 6
```

எழுத்துணரி தந்ததில் ஒருவர் பிழை 7 சதவீதம் என்கிறார், இன்னொருவர் அதே பக்கத்துக்கு 12 என்கிறார். யார் சொல்வது சரி? (சுன்னாகம்)

இருவருமே சரியாக இருக்கலாம், எண்ணும் முறைதான் வேறு. ‘யாழ்ப்பாணத்தில்’ என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் 8. யூனிகோட் குறியீடுகளாக எண்ணினால் புள்ளி, அரவு, விசிறி எல்லாம் தனித்தனியாகச் சேர்ந்து 15. ‘யாழப்பாணத்தில்’ என்று ஒரு புள்ளி விட்டுப்போனால், முதல் கணக்கில் எட்டில் ஒன்று பிழை, மற்றதில் பதினைந்தில் ஒன்று. இரண்டு ஸ்கான்களை ஒப்பிடும்போது ஒரே முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் தெரிவு எழுத்துக் கணக்கு. பிழை திருத்த உட்காருபவர் எழுத்தைத்தானே திருத்தப்போகிறார்!

பக்கம் தெளிவாக இருந்தும் ‘லை’, ‘னை’, ‘றா’ எல்லாம் குழம்பி வருகின்றன. திரும்ப ஸ்கான் செய்யட்டுமா? (பருத்தித்துறை)

வேண்டாம். அவை பழைய வடிவங்களாக இருக்கும். தமிழ்நாட்டு அரசு 1978இல் இவற்றின் வடிவத்தை மாற்றிய எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. நம் பக்கத்து அச்சில் அதற்குப் பிறகும் பழைய ‘லை’யைக் காணலாம். புதிய வடிவங்களில் பழகிய மென்பொருளுக்கு அது வேறு எழுத்தாகத் தெரிகிறது. ஒரு எழுத்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிழையாக வந்தால் குறை மென்பொருளின் பழக்கத்தில். ஒரு வரியில் சரியாகவும் அடுத்த வரியில் பிழையாகவும் வந்தால் அச்சையோ ஸ்கானையோ சந்தேகியுங்கள். முதல் வகையை ஓரளவு மொத்தமாக மாற்றிவிடலாம், இரண்டாவதை வரி வரியாகத்தான் திருத்த வேண்டும்.

அருகருகே இரண்டு பத்தி கொண்ட பழைய பத்திரிகைப் பக்கம், வரிகள் கலந்து வருகின்றனவே? (மானிப்பாய்)

ஒவ்வொரு பத்தியையும் தனிப் படமாக வெட்டிக் கொடுங்கள். நடுக்கோடு இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வரி ஓரத்தில் அது அரவாகவோ ‘ர’வாகவோ வந்து நிற்கும்.