கூட்டுவதா கழிப்பதா: வங்கிச் சரிகட்டும் பட்டியல்

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு கணக்குப்பதிவியலில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடும்போது எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன். மேல்வரைப்பற்று வந்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிறது. மனப்பாடம் இல்லாமல் போட வழி இருக்கிறதா?

பதில்:

குழப்பத்தில் பாதி, சொல்லால் வருவது. வீட்டுப் பேச்சில் 'வரவு' என்றால் உள்ளே வந்த பணம். கணக்குப்பதிவியலிலோ ரொக்க ஏட்டில் உள்ளே வந்த பணம் பற்றுப் பக்கம் போகிறது, வெளியே போனது வரவுப் பக்கம். ஆனால் பாஸ்புக்கை எழுதுவது வங்கி. அதன் பார்வையில் உங்கள் பணம் அது உங்களுக்குத் தரவேண்டிய கடன். ஆகவே நீங்கள் கட்டிய பணம் அங்கே வரவில் இருக்கும். ரொக்க ஏட்டின் பற்று இருப்பும் பாஸ்புக்கின் வரவு இருப்பும் ஒன்றுதான்: வங்கியில் உங்கள் பணம் இருக்கிறது. ஏடு இரண்டையும் ஒப்பிடும்போதும் ரொக்க ஏட்டின் பற்றுப் பக்கத்தை பாஸ்புக்கின் வரவுப் பத்தியோடுதான் டிக் அடிக்க வேண்டும். டிக் விழாமல் நிற்பவைதான் பட்டியலுக்கு வரும்.

இனி கூட்டல், கழித்தல். ரொக்க ஏட்டு இருப்பில் தொடங்கினால் பாஸ்புக் இருப்புக்குப் போய்ச் சேர வேண்டும். டிக் விழாத ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது யாருடைய ஏட்டில் மட்டும் இருக்கிறது? வங்கி மட்டும் எழுதியிருந்தால், வங்கி செய்ததையே நீங்களும் செய்யுங்கள். நீங்கள் மட்டும் எழுதியிருந்தால், நீங்கள் செய்ததை அழியுங்கள். பாஸ்புக் இருப்பில் தொடங்கும் கணக்கில் இந்த இரண்டும் இடம் மாறும், அவ்வளவுதான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். 31.3.2024 அன்று ரொக்க ஏட்டின்படி வங்கி இருப்பு (பற்று) ரூ.20,000. மார்ச்சில் ரூ.15,000-க்குக் காசோலைகள் விடுத்ததில் ரூ.6,000 மட்டுமே மாத முடிவுக்குள் வங்கிக்கு வந்தது. வங்கியில் செலுத்திய ரூ.7,500 காசோலை இன்னும் வசூலாகவில்லை. வங்கிக் கட்டணம் ரூ.350, வங்கி தந்த வட்டி ரூ.600, வாடிக்கையாளர் நேரடியாக நம் கணக்கில் செலுத்திய ரூ.4,000 ஆகியவை பாஸ்புக்கில் மட்டும் உள்ளன. முன்பு செலுத்திய ரூ.2,500 காசோலை பணமில்லாமல் திரும்பியது, ரொக்க ஏட்டில் அதற்குப் பதிவில்லை. வங்கியில் செலுத்தி வசூலான ரூ.1,800 காசோலை, ரொக்க ஏட்டில் தவறுதலாக வரவுப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது.

காசோலை விடுத்த அன்றே ரொக்க ஏட்டில் கழித்துவிட்டீர்கள், வங்கிக்கோ இன்னும் தெரியாது. நீங்கள் செய்ததை அழிக்க வேண்டும், எனவே கூட்டல். எவ்வளவு? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வங்கிக்கு வராதது 15,000 - 6,000 = 9,000. வினாவில் 'அவற்றில் ரூ.6,000 ஏப்ரலில் வங்கிக்கு வந்தது' என்று இருந்தால் எடுக்க வேண்டியது 6,000. தேதியை அடிக்கோடிட்டுவிட்டுத் தொகையை எழுதுங்கள்.

வசூலாகாத 7,500-ஐ நீங்கள் ஏற்கெனவே கூட்டியிருக்கிறீர்கள், அழிக்கக் கழியுங்கள். கட்டணத்தை வங்கி கழித்தது, நீங்களும் கழியுங்கள். வட்டியையும் நேரடிச் செலுத்துகையையும் வங்கி கூட்டியது, நீங்களும் கூட்டுங்கள். திரும்பிய காசோலையை வங்கி எடுத்துவிட்டது, கழியுங்கள்.

கடைசிப் பிழைக்கு இரட்டிப்பு விளைவு. கூட்ட வேண்டிய 1,800-ஐக் கழித்திருக்கிறீர்கள். தவறை அழிக்க ஒரு 1,800, சரியாகச் சேர்க்க இன்னொரு 1,800, ஆக 3,600 கூட்டல். பதிவே விடுபட்டிருந்தால் மட்டும்தான் ஒரு முறை.

```
ரொக்க ஏட்டின்படி இருப்பு                        20,000
கூட்டுக: 9,000 + 600 + 4,000 + 3,600            17,200
                                                37,200
கழிக்க: 7,500 + 350 + 2,500                     10,350
பாஸ்புக்கின்படி இருப்பு                         26,850
```

தேர்வில் ஒவ்வொன்றையும் விவரத்தோடு தனி வரியில் எழுத வேண்டும். இடம் கருதி இங்கே சேர்த்திருக்கிறேன்.

மேல்வரைப்பற்று வந்தால் தலைகீழாவது எழுதும் முறை மட்டுமே. தொடக்கத்தை -20,000 என்று வைத்து, அதே கூட்டலையும் கழித்தலையும் செய்யுங்கள்: -20,000 + 17,200 - 10,350 = -13,150. பாஸ்புக்கின்படி மேல்வரைப்பற்று ரூ.13,150. வழக்கமான முறையில் மேல்வரைப்பற்றைக் கூட்டல் எண்ணாகவே எழுதுவதால், கடனைப் பெருக்கும் 10,350 கூட்டலுக்கும் கடனைக் குறைக்கும் 17,200 கழித்தலுக்கும் போகும்: 20,000 + 10,350 - 17,200 = 13,150. முதலில் ஓரத்தில் கழித்தல் குறியோடு போட்டு விடையைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு முறைப்படி எழுதினால் பிசகாது. விடை கூட்டல் எண்ணாக வந்தால் அது மேல்வரைப்பற்று அல்ல, சாதகமான இருப்பு. கடைசி வரியின் தலைப்பையும் மாற்ற வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. 'வங்கியில் செலுத்திய காசோலை ரொக்க ஏட்டில் பதியப்படவில்லை, வங்கியும் இன்னும் வசூலிக்கவில்லை' என்று வந்தால் இரண்டு ஏட்டிலும் அது இல்லை. வித்தியாசமே இல்லாததால் பட்டியலில் அதற்கு இடமில்லை. 'ஏப்ரல் 2 அன்று வங்கி கட்டணம் பிடித்தது' என்பதும் அப்படியே.

இரண்டு இருப்பும் தெரிந்திருந்து உங்கள் விடை ஒத்துவரவில்லை என்றால், எவ்வளவு பிசகுகிறது என்று பாருங்கள். பிசகு ஏதாவதொரு தொகைக்குச் சமமாக இருந்தால் அதை விட்டிருக்கலாம். ஒரு தொகையின் இரு மடங்கானால் குறி மாறியிருக்கலாம். 700 பிசகினால், கட்டணம் 350-ஐக் கூட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பிசகு 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 540-ஐ 450 என்று எழுதினால் 90 பிசகும்.

அலுவலகக் கணக்கில் இதோடு வேலை முடிவதில்லை. கட்டணம், வட்டி, நேரடிச் செலுத்துகை, திரும்பிய காசோலை, உங்கள் பிழை ஆகியவற்றை ரொக்க ஏட்டில் பதிந்தே ஆக வேண்டும். அப்படிப் பதிந்தால் நம் கணக்கில் திருத்திய இருப்பு ரூ.25,350, இருப்புநிலைக் குறிப்புக்குப் போவது இந்த எண்தான். மீதமுள்ள 9,000-மும் 7,500-ம் நாள் வித்தியாசம் மட்டுமே, அவற்றுக்குப் பதிவு போடக் கூடாது. அவை ஏப்ரல் பாஸ்புக்கில் வரும்போது மார்ச் பட்டியலைப் பார்த்து டிக் அடியுங்கள். ஏப்ரல் ரொக்க ஏட்டில் தேடினால் கிடைக்காது. இந்தியாவில் காசோலை அதன் தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும் என்பதால், அதற்கு மேலும் வங்கிக்கு வராமல் நிற்கும் காசோலையைப் பட்டியலில் இழுத்துக்கொண்டே போகாமல், ரொக்க ஏட்டில் எதிர்ப்பதிவு போட்டு, கொடுக்க வேண்டியவர் கணக்கில் மீண்டும் காட்ட வேண்டும்.