ரவுட்டரைக் கைமாற்றும் முன் அழிக்க வேண்டியவை

கேள்வி: இணைய நிறுவனத்தை மாற்றிவிட்டேன். பழைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரைத் திருப்பித் தர வேண்டும். நானே வாங்கிய இன்னொன்றை விற்கப் போகிறேன். மின்சாரத்தை நிறுத்திப் போட்டேன், பின்னாலுள்ள பட்டனையும் அழுத்தினேன். இன்னும் என் வைஃபை பெயர்தான் வருகிறது. என்ன செய்வது?

பதில்: மின்சாரத்தை நிறுத்தினால் ரவுட்டர் மறுபடி தொடங்குமே தவிர, எதுவும் அழியாது. வைஃபை பெயர், கடவுச்சொல், நிர்வாகக் கடவுச்சொல், இணைய இணைப்புக்கான பயனர் பெயர் ஆகியவை மின்சாரம் இல்லாமலும் நிலைக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கின்றன. எந்தக் கருவி எப்போது இணைந்தது என்பது போன்ற பதிவுகள் பல ரவுட்டர்களில் தற்காலிக நினைவகத்தில் இருப்பதால் அணைத்ததுமே போய்விடும். சிலவற்றில் அவையும் ஃபிளாஷில் தங்கும். ஆகவே இரண்டையும் அழிக்கத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதே வழி.

அதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலையைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். விற்கப் போகும் ரவுட்டரைக் கைபேசிச் செயலி வழியாக நிர்வகித்திருந்தால், அந்தக் கருவி உங்கள் கணக்கோடு தயாரிப்பாளரின் சர்வரில் பிணைக்கப்பட்டிருக்கும். ரவுட்டரில் உள்ளதை அழிப்பதால் அந்தப் பிணைப்பு அறுபடும் என்று எல்லா மாதிரிகளிலும் நம்ப முடியாது. என் நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் முறையாக அழித்துவிட்டு விற்றார். இரண்டே நாளில், 'இந்தக் கருவி வேறொரு கணக்கில் உள்ளது' என்று செயலி மறுப்பதாக வாங்கியவர் தொலைபேசியில் அழைத்தார். ரவுட்டர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே செயலிக்குள் சென்று கருவியை நீக்கியிருந்தால் இந்தச் சங்கடம் நேர்ந்திருக்காது. யூஎஸ்பி சேமிப்புக் கருவியோ சிம் அட்டையோ செருகியிருந்தால் அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

இனி அழிக்கலாம். பட்டனை நீங்கள் சட்டென்று அழுத்தி விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சில மாதிரிகளில் ஒரே பட்டன் இரண்டு வேலை செய்யும்: லேசாக அழுத்தினால் வேறு கருவியை வைஃபையில் இணைக்கும், நீண்ட நேரம் அழுத்தினால்தான் அழிக்கும். வேறு சிலவற்றில் அது ஊசித்துளைக்குள் ஒளிந்திருக்கும். காகித கிளிப்பை நிமிர்த்தி உள்ளே விட வேண்டும். ரவுட்டருக்கு மின்சாரம் கொடுத்து, அது முழுமையாகத் தொடங்கிய பிறகு, பட்டனைப் பத்து முதல் பதினைந்து வினாடிகள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். விளக்குகள் எல்லாம் ஒருசேர மின்னுவதோ அணைவதோ தெரிந்தால் விட்டுவிடலாம். பிறகு சில நிமிடங்கள் மின்சாரத்தைத் துண்டிக்காமல் காத்திருங்கள்; இடையில் துண்டித்தால் வேலை பாதியில் நின்றுவிடக்கூடும்.

அழிந்ததா என்று பார்ப்பது எளிது. ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்ட லேபிளில் அச்சிட்டுள்ள பெயரே வைஃபை பட்டியலில் வர வேண்டும். உங்கள் கைபேசி இந்த ரவுட்டரோடு பழையபடி தானாக இணைந்தால் அழியவில்லை என்று பொருள். லேபிளில் உள்ள கடவுச்சொல்லால் இணைந்து, அதே லேபிளில் உள்ள முகவரியை (192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்றது) உலாவியில் திறந்தால், முதன்முறை அமைக்கும் பக்கமோ, லேபிளில் உள்ள தொடக்கக் கடவுச்சொல்லைக் கேட்கும் பக்கமோ வர வேண்டும். அங்கே எதையும் நிரப்பாமல் மூடிவிடுங்கள். நீங்கள் ஒட்டிவைத்த கடவுச்சொல் சீட்டு ஏதேனும் இருந்தால் அதைக் கிழித்துவிடலாம். தயாரிப்பாளரின் லேபிள் அப்படியே இருக்கட்டும், வாங்குபவருக்கு அது தேவை.

நிறுவனத்தின் ரவுட்டருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. இத்தகைய ரவுட்டர்கள் பலவற்றை நிறுவனம் தொலைவிலிருந்தே நிர்வகிக்கிறது. இணைப்புக் கேபிள் செருகியிருக்கும்போது அழித்தால், மறுபடி தொடங்கியதும் ரவுட்டர் நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு உங்கள் அமைப்புகளைத் திரும்பப் பெறக்கூடும்; உங்கள் வைஃபை பெயர் மீண்டும் தலைகாட்டுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆகவே ஃபைபர் அல்லது தொலைபேசிக் கேபிளைக் கழற்றிய பிறகே பட்டனை அழுத்துங்கள், அதன் பின் மீண்டும் செருகாதீர்கள். ஃபைபர் ரவுட்டரை அழித்தால் பழைய இணைப்பு மறுபடி வேலை செய்யாமல் போகலாம் என்பதால், புதிய இணைப்பு ஓடத் தொடங்கிய பிறகு இதைச் செய்வது நல்லது.

தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது ஃபிளாஷின் ஒவ்வொரு மூலையையும் துடைத்துவிடாது; சிப்பைக் கழற்றிப் படிக்கத் தெரிந்தவருக்கு ஏதாவது எஞ்சியிருக்கலாம். வீட்டு ரவுட்டருக்காக யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்பது என் கணிப்பு. இருந்தாலும், எல்லாக் கருவிகளும் தானாக இணையட்டும் என்று புதிய ரவுட்டருக்கும் பழைய பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்திருந்தீர்களானால், எஞ்சியிருப்பது இப்போது நீங்கள் பயன்படுத்தும் வைஃபையின் சாவியாகிவிடும். புதிய ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.